அரை வோல்ட்டுக்குக் கீழே அளப்பது எப்படி?

மின்சாதனக் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் மஞ்சள் நிற டிஜிட்டல் மல்டிமீட்டரைப் பலரும் வைத்திருப்பார்கள். டிடி830 வகை என்று சொல்வார்கள். அதன் நடுவில் இருக்கும் குமிழைச் சுற்றி எழுதியிருப்பதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள. டிசி பகுதியில் 200 மில்லிவோல்ட்டில் தொடங்கி ஐந்து படிகள் இருக்கும். ஏசி பகுதியில் இரண்டே படிகள்தான்: 200 வோல்ட், 750 வோல்ட். ஒரு வோல்ட்டுக்குக் கீழே ஏசி அளக்க அதில் வழியே இல்லை. டிசியில் மில்லிவோல்ட்டில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் காட்டுகிற கருவி, ஏசி என்றதும் ஏன் இப்படிக் கைவிரிக்கிறது?

மீட்டருக்குள் இருக்கும் சிப் டிசியை மட்டும்தான் படிக்கும். ஏசியைக் கொடுத்தால் அது முன்னும் பின்னும் அலைந்து, சராசரியாகப் பூஜ்யம் என்றுதான் தெரியும். எனவே முதலில் அலையின் ஒரு பாதியை வெட்டிவிட்டு மறுபாதியை மட்டும் அனுப்ப வேண்டும். இந்த வேலையைச் செய்வதுதான் அரை அலை ரெக்டிஃபையர். விலை குறைந்த மீட்டர்களில் அது ஒற்றை டயோடு. மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் பொருள். ஆனால் சிலிக்கான் டயோடு தன் வழியே மின்சாரம் போவதற்கு அரை வோல்ட்டுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. சுவரில் வரும் 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட். அதில் 0.6 வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. அளக்க வேண்டியதே 0.05 வோல்ட் என்றால்?

அப்படி ஒரு நிலைமை எங்கே வரும் என்பதற்கு வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. ஒரு மின்விசிறி எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று, வயரை வெட்டாமல் அளக்க நினைக்கிறோம். அதற்குக் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் என்ற சிறு வளையம் கிடைக்கிறது. சுருக்கமாக சிடி. விசிறிக்குப் போகும் ஒரு வயரை அந்த வளையத்துக்குள் நுழைத்துவிட்டால் போதும். வளையத்தில் 1000 சுற்று கம்பி சுற்றியிருந்தால், வயரில் ஓடும் 1 ஆம்பியருக்கு வளையக் கம்பியில் 1 மில்லிஆம்பியர் ஓடும். அந்தக் கம்பியின் இரு முனைகளுக்கும் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரைப் போட்டால், 1 ஆம்பியருக்கு 100 மில்லிவோல்ட் ஏசி கிடைக்கும்.

பழைய மாதிரி 75 வாட் விசிறி, 230 வோல்ட்டில் ஏறக்குறைய 0.33 ஆம்பியர் இழுக்கும். ஆக ரெசிஸ்டரில் கிடைப்பது 33 மில்லிவோல்ட். அலையின் உச்சத்தில் பார்த்தால் 47 மில்லிவோல்ட். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 4.35 ஆம்பியர் இழுக்கும். அதன் உச்சம் 615 மில்லிவோல்ட். இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: விசிறிக்கு 47, இஸ்திரிப் பெட்டிக்கு 615. கட்டுரை முழுக்க இவைதான் வரப்போகின்றன.

இந்த அலையை 1என்4148 என்ற சாதாரண டயோடு வழியே விட்டு, அந்தப் பக்கம் 10 கிலோஓம் ரெசிஸ்டரில் என்ன வருகிறது என்று பார்ப்போம். இஸ்திரிப் பெட்டி ஓடும்போது உச்சியில் மட்டும் சின்னத் திமில் தெரியும். விசிறிக்கு ஒன்றுமே தெரியாது. 0.6 வோல்ட் வரை டயோடு முற்றிலும் மூடியிருக்கிறது, அதற்கு மேல் படாரென்று திறக்கிறது என்று பாடப்புத்தகங்களில் படம் போட்டிருப்பார்கள். உண்மையில் அப்படி ஒரு கோடு கிடையாது. டயோடில் கரண்ட் மடங்கு மடங்காக ஏறுகிறது. 1என்4148இல் வோல்ட்டேஜ் பத்தில் ஒரு வோல்ட் கூடினால் கரண்ட் கிட்டத்தட்ட பத்து மடங்காகிவிடும். மில்லிஆம்பியர் ஓடும்போது டயோடு 0.6 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மைக்ரோஆம்பியர் கணக்கில் ஓடும்போது 0.35 வோல்ட்டே போதும். 47 மில்லிவோல்ட் மட்டும் கொடுத்தால் சில நானோஆம்பியர்தான் ஓடும். அது 10 கிலோஓமில் உண்டாக்குவது வோல்ட்டின் லட்சத்தில் சில பங்கு. விசிறி ஓடுகிறதா இல்லையா என்று சொல்லக்கூட அது போதாது.

இங்கே சுலபமான யோசனை ஒன்று தோன்றும். போன 0.6 வோல்ட்டைக் கணக்கில் திரும்பச் சேர்த்துவிட்டால் ஆயிற்றே? சேர்க்க முடியாது. முதலாவது, போனது 0.6 என்று நிலையாக இல்லை, கரண்ட்டுக்கு ஏற்ப மாறுகிறது. இரண்டாவது, வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் டயோடு எடுத்துக்கொள்வது ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் குறைகிறது. காலையில் 25 டிகிரியில் சரிபார்த்த மீட்டர், மதியம் வெயிலில் 45 டிகிரிக்குப் போனால் 40 மில்லிவோல்ட் தள்ளிக் காட்டும். நம் விசிறியின் முழு உச்சமே 47தான். மூன்றாவது காரணம் எல்லாவற்றையும்விட அடிப்படையானது. அலை முழுவதும் டயோடின் அந்தப் பக்கமே நின்றுவிட்டால், திரும்பச் சேர்ப்பதற்கு இந்தப் பக்கம் ஒன்றுமே வந்திருக்காது.

ஜெர்மானியம் டயோடோ ஷாட்கி டயோடோ போடலாமே என்பவர்கள் உண்டு. அவை 0.2, 0.3 வோல்ட் அளவில் நன்றாக நடத்தும் என்பது உண்மை. பழைய ரேடியோக்களில் ஜெர்மானியம் டயோடு இருந்ததும் அதற்காகத்தான். ஆனால் அவையும் அதே மடங்குக் கணக்கில் வளைபவைதான், வெப்பத்துக்கு நகர்பவைதான். போதாததற்கு, தடுக்க வேண்டிய திசையில் சிலிக்கானைவிட அதிகமாகக் கசியவும் செய்யும். 47 மில்லிவோல்ட் விஷயத்தில் இவை நோயைக் குறைக்கும், தீர்க்காது.

முதலில் அலையைப் பெரிதாக்கிவிட்டு, பிறகு டயோடில் விட்டால் என்ன? இது நியாயமான கேள்வி, பலர் முதலில் செய்து பார்ப்பதும் இதுதான். 47 மில்லிவோல்ட்டை 20 மடங்கு பெருக்கினால் 0.94 வோல்ட். டயோடு தன் பங்கை எடுத்த பிறகு பாதிக்கும் குறைவாகவே மிஞ்சும். டயோடின் பங்கு பெரிதாகத் தெரியாமல் இருக்க வேண்டுமானால் 200 மடங்காவது பெருக்க வேண்டும், விசிறிக்கு 9.4 வோல்ட் வரும். அதே பெருக்கத்தில் இஸ்திரிப் பெட்டியின் 615 மில்லிவோல்ட் 123 வோல்ட் ஆக வேண்டும். 12 வோல்ட் சப்ளையில் ஓடும் சர்க்யூட்டில் அது நடக்காது, தலை தட்டையாக வெட்டுப்படும். சிறியதைக் காப்பாற்றப் போனால் பெரியது போய்விடுகிறது. சிடியின் 100 ஓமை 10 கிலோஓமாக ஆக்கி வோல்ட்டேஜை ஏற்றலாம் என்றால் வளையத்தின் இரும்பு காந்தத்தால் நிறைந்துபோய், ஆயிரத்துக்கு ஒன்று என்ற விகிதமே கெட்டுவிடும்.

ஆக, டயோடு எடுத்துக்கொள்வதை அதற்கு வேறு எங்கிருந்தோ கொடுத்துவிட்டு, சிக்னலை முழுசாக மறுபக்கம் சேர்க்கும் ஏற்பாடு வேண்டும். சுங்கச்சாவடியில் வண்டிக்காரரிடம் பிடிக்காமல், கட்டணத்தை இன்னொருவர் தன் பையிலிருந்து கட்டிவிடுவது போல. அந்த இன்னொருவர்தான் ஆப்-ஆம்ப். அதன் பை, 12 வோல்ட் சப்ளை.

ஆப்-ஆம்ப் என்பது எட்டுக்கால் சிப்புக்குள் அடங்கிய பெருக்கி. 1968இல் ஃபேர்சைல்டு நிறுவனம் வெளியிட்ட 741 இன்றும் மாணவர்களின் மேசையில் கிடக்கிறது. அதற்கு இரண்டு உள்ளீடுகள்: ஒன்று பிளஸ், மற்றது மைனஸ். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்து மிகப் பெரிய மடங்கில் பெருக்கி வெளியே தள்ளும். 741இல் டிசிக்கு அது லட்சம் மடங்குக்கு மேல். ஆனால் அலையின் வேகம் கூடக் கூட அந்த மடங்கு குறையும். நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20,000 மடங்கு, 10,000 ஹெர்ட்ஸில் வெறும் 100 மடங்கு. இந்தக் குறைவு பின்னால் நமக்குத் தேவைப்படும்.

இந்தப் பெருக்கியின் வெளியீட்டிலிருந்து ஒரு பகுதியை மைனஸ் உள்ளீட்டுக்குத் திருப்பி அனுப்புவதைப் பின்னூட்டம் என்கிறோம். பெல் ஆய்வகத்தில் இருந்த ஹெரால்டு பிளாக் 1927 ஆகஸ்ட்டில் வேலைக்குப் போகும் படகில் ஹட்சன் ஆற்றைக் கடக்கும்போது, கையில் இருந்த செய்தித்தாளின் பக்கத்திலேயே இந்த யோசனையை எழுதிவைத்தார். தொலைபேசிப் பெருக்கிகள் குரலைச் சிதைப்பதுதான் அவருடைய கவலை. பின்னூட்ட வளையத்துக்குள் அடைபட்ட எந்தக் கோணலும், பெருக்கத்தின் மடங்கால் வகுபட்டுச் சிறுத்துவிடும் என்பது அவர் கண்டது. டயோடின் வளைவும் ஒரு கோணல்தான். அதையும் வளையத்துக்குள் வைத்துவிட்டால் என்ன என்பதுதான் இந்தச் சர்க்யூட்டின் மொத்தச் சூட்சுமம்.

எளிய வடிவம் இது. சிக்னலைப் பிளஸ் உள்ளீட்டில் கொடுங்கள். ஆப்-ஆம்பின் வெளியீட்டில் டயோடை வையுங்கள். டயோடின் அந்தப் பக்கத்தில், அதாவது கோடு போட்ட முனையில், ஒரு ரெசிஸ்டரை எர்த்துக்கு இறக்கி, அதே முனையிலிருந்து மைனஸ் உள்ளீட்டுக்கு ஒரு வயர். முடிந்தது. நாம் படிக்கப்போகும் இடம் டயோடின் அந்தப் பக்கம், ஆப்-ஆம்பின் கால் அல்ல.

விசிறியின் அலை மெல்ல ஏறுகிறது என்று வையுங்கள். பிளஸில் 1 மில்லிவோல்ட் வந்துவிட்டது. டயோடு இன்னும் நடத்தவில்லை, மைனஸில் பூஜ்யம். ஆப்-ஆம்புக்கு இந்த 1 மில்லிவோல்ட் வித்தியாசம் பெரிய விஷயம். வெளியீட்டை மேலே ஏற்றிக்கொண்டே போகும். அது 0.4 வோல்ட்டை நெருங்கும்போது டயோடு நடத்தத் தொடங்கி, மைனஸிலும் வோல்ட்டேஜ் வருகிறது. மைனஸ் பிளஸைத் தொட்டதும் ஏற்றம் நிற்கிறது. அதன் பிறகு சிக்னல் ஏற ஏற, ஆப்-ஆம்ப் எப்போதும் டயோடுக்கு வேண்டியதைச் சேர்த்து முன்னால் நிற்கும். உச்சியில் டயோடின் அந்தப் பக்கம் 47 மில்லிவோல்ட் அப்படியே இருக்கும். ஆப்-ஆம்பின் காலைத் தொட்டுப் பார்த்தால் அங்கே அரை வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும்.

தவறு எவ்வளவு? அரை வோல்ட்டை வெளியே தள்ள, 20,000 மடங்கு பெருக்கிக்கு உள்ளீட்டில் 25 மைக்ரோவோல்ட் வித்தியாசம் போதும். டயோடு விழுங்கிய அரை வோல்ட், சிக்னலின் கண்ணுக்கு 25 மைக்ரோவோல்ட்டாகச் சுருங்கிவிட்டது. வெயிலில் டயோடு 40 மில்லிவோல்ட் நகர்ந்தாலும் வெளியே தெரிவது 2 மைக்ரோவோல்ட்தான்.

சிக்கல் மறுபாதியில் இருக்கிறது. சிக்னல் மைனஸ் பக்கம் இறங்கும்போது ஆப்-ஆம்ப் வெளியீட்டைக் கீழே இழுக்கும். டயோடு அந்தத் திசையில் நடத்தாது. வளையம் அறுந்துவிட்டது. தன் முயற்சி பலித்ததா என்று சொல்ல மைனஸுக்கு எந்தச் செய்தியும் வராததால் ஆப்-ஆம்ப் கீழே போய்க்கொண்டே இருந்து, சப்ளையின் அடிமட்டமான மைனஸ் 11 வோல்ட் பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். நமக்கு வேண்டிய பூஜ்யம் டயோடுக்கு அந்தப் பக்கம் ஒழுங்காக இருக்கிறது, அதில் குறையில்லை. ஆனால் அலை திரும்பப் பிளஸுக்கு வரும்போது ஆப்-ஆம்ப் அந்தப் பாதாளத்திலிருந்து பதினொன்றரை வோல்ட் ஏறி வர வேண்டும்.

அது எவ்வளவு நேரம் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 741இன் தகவல் தாளில் மைக்ரோநொடிக்கு 0.5 வோல்ட் வேகம் என்று இருக்கும். அதை வைத்து 23 மைக்ரோநொடி என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். ஆனால் அந்த வேகம் உள்ளீட்டில் பலமாகத் தள்ளினால் கிடைப்பது. பூஜ்யத்தைக் கடந்து மெல்ல ஏறும் சின்ன அலை அப்படித் தள்ளாது. விசிறி அலைக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய அரை மில்லிநொடி ஆகிறது. அதற்குள் சிக்னல் 7 மில்லிவோல்ட்டைத் தாண்டியிருக்கும். 50 ஹெர்ட்ஸில் ஒரு பாதி அலை 10 மில்லிநொடி என்பதால், சராசரியில் இழப்பு மிகச் சிறியது, பொறுத்துக்கொள்ளலாம். அதே 741இல் 100 மில்லிவோல்ட் உச்சம் உள்ள 1000 ஹெர்ட்ஸ் அலையை விட்டால், ஆப்-ஆம்ப் ஏறி வந்து சேர 80 மைக்ரோநொடி பக்கம் ஆகும். அதற்குள் அலை தன் உச்சத்தில் கிட்டத்தட்டப் பாதியைத் தொட்டுவிடும். 10,000 ஹெர்ட்ஸில் பாதி அலையே 50 மைக்ரோநொடிதான். ஏறி வருவதற்குள் அலையில் பெரும்பகுதி முடிந்திருக்கும்.

இந்தக் கோளாறை ஆசிலோஸ்கோப்பில் உடனே அடையாளம் காணலாம். ஒவ்வொரு திமிலின் இடப்பக்கமும் கத்தியால் வெட்டியது போல நேர்குத்தாக எழும், வலப்பக்கம் மட்டும் வழுவழுப்பாக இறங்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லையென்றால் ஆப்-ஆம்ப் அடிமட்டத்திலிருந்து தாமதமாக வருகிறது என்று பொருள். சந்தேகம் இருந்தால் ஸ்கோப்பின் இரண்டாவது முனையை ஆப்-ஆம்பின் காலில் வையுங்கள். மைனஸ் 11 வோல்ட்டில் தட்டையாகக் கிடந்து, பிறகு எகிறி வருவது கண்ணுக்குத் தெரியும்.

இதற்கு மருந்து இன்னொரு டயோடு. நடைமுறையில் போட வேண்டியது இந்த இரண்டு டயோடு வடிவம்தான் என்பது என் கருத்து. ஒற்றை டயோடு வடிவம் புரிந்துகொள்வதற்கு நல்லது, அளப்பதற்கு இதுவே நல்லது. இதில் பிளஸ் உள்ளீட்டை எர்த்தில் கட்டிவிடுகிறோம். சிக்னல் 10 கிலோஓம் ரெசிஸ்டர் வழியே மைனஸ் உள்ளீட்டுக்கு வருகிறது. ஆப்-ஆம்பின் வெளியீட்டிலிருந்து முதல் டயோடு, அதன் கோடு போட்ட முனையில் நாம் படிக்கும் இடம், அங்கிருந்து 22 கிலோஓம் ரெசிஸ்டர் மைனஸ் உள்ளீட்டுக்குத் திரும்புகிறது. இரண்டாவது டயோடை மைனஸ் உள்ளீட்டுக்கும் ஆப்-ஆம்ப் வெளியீட்டுக்கும் நடுவே நேரடியாகப் போடுகிறோம். கோடு போட்ட முனை ஆப்-ஆம்ப் பக்கம்.

இப்போது சிக்னல் மைனஸுக்கு இறங்கும் பாதிதான் வேலை செய்யும் பாதி. பிளஸ் உள்ளீடு எர்த்தில் இருப்பதால், ஆப்-ஆம்ப் மைனஸ் உள்ளீட்டையும் எப்பாடுபட்டாவது பூஜ்யத்திலேயே வைத்திருக்கப் பார்க்கும். சிக்னல் மைனஸ் 47 மில்லிவோல்ட் என்றால் 10 கிலோஓமில் 4.7 மைக்ரோஆம்பியர் ஓடும். அதே கரண்ட் 22 கிலோஓம் வழியே வந்தாக வேண்டும். அப்படியென்றால் படிக்கும் இடத்தில் பிளஸ் 103 மில்லிவோல்ட் இருந்தே ஆக வேண்டும். டயோடு 0.35 வோல்ட் கேட்கிறதா, ஆப்-ஆம்ப் தன் காலில் 0.45 வோல்ட் வைத்துக் கொடுத்துவிடுகிறது. இஸ்திரிப் பெட்டியின் 615 மில்லிவோல்ட்டுக்குப் படிக்கும் இடத்தில் 1.35 வோல்ட். அங்கே கரண்ட் அதிகம் என்பதால் டயோடு 0.45 வோல்ட்டுக்கு மேல் கேட்கும். ஆப்-ஆம்ப் அதையும் சேர்த்து 1.8 வோல்ட் வைக்கும். டயோடு இரண்டு சமயத்திலும் வெவ்வேறாகக் கேட்டது. படிக்கும் இடத்துக்கு அது தெரியவே இல்லை.

மறுபாதியில் சிக்னல் பிளஸ். ஆப்-ஆம்ப் கீழே இறங்குகிறது. ஆனால் அரை வோல்ட் இறங்குவதற்குள் இரண்டாவது டயோடு நடத்தத் தொடங்கி, வரும் கரண்ட்டை வாங்கிக்கொள்கிறது. வளையம் அறுபடவில்லை, வேறு வழியில் மூடிக்கொண்டது. முதல் டயோடு மூடிக் கிடக்கிறது. படிக்கும் இடம் 22 கிலோஓம் வழியே பூஜ்யத்தில் இருக்கும் மைனஸ் உள்ளீட்டோடு மட்டும் தொடர்பில் இருப்பதால் அங்கே பூஜ்யம். ஆப்-ஆம்ப் இனி மைனஸ் 11க்குப் போவதில்லை. ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்கு அது தாண்ட வேண்டியது விசிறி அலைக்கு முக்கால் வோல்ட்தான். அரை மில்லிநொடியாக இருந்த தாமதம் 0.15 மில்லிநொடியாகிறது. அதற்குள் சிக்னல் 2 மில்லிவோல்ட்டைத்தான் தாண்டியிருக்கும். முன்பு சொன்ன 1000 ஹெர்ட்ஸ் அலைக்கும் தாமதம் 80இலிருந்து 25 மைக்ரோநொடி அளவுக்கு வந்துவிடும். இன்னும் வேகம் வேண்டுமென்றால் 741க்குப் பதிலாக டிஎல்072 போன்ற விரைவான ஆப்-ஆம்பைப் போட வேண்டியதுதான்.

22 கிலோஓம் என்று எடுத்ததற்கும் காரணம் உண்டு. சுத்தமான சைன் அலையின் ஒரு பாதியை மட்டும் விட்டுச் சராசரி எடுத்தால், நாம் வழக்கமாகச் சொல்லும் ஏசி அளவில் 0.45 பங்குதான் வரும். அதை 2.22 மடங்கு பெருக்கினால் சரியான ஏசி அளவு கிடைக்கும். 22க்கு 10 என்பது 2.2 மடங்கு, ஒரு சதவீதம்தான் குறைவு. எனவே 1 ஆம்பியருக்குச் சிடியிலிருந்து வரும் 100 மில்லிவோல்ட் ஏசி, சராசரியாக்கிய பிறகு ஏறக்குறைய 100 மில்லிவோல்ட் டிசியாகவே நிற்கும். விசிறிக்கு 33, இஸ்திரிப் பெட்டிக்கு 435. மஞ்சள் மீட்டரை டிசி 2000 மில்லிவோல்ட் படியில் வைத்து அப்படியே ஆம்பியராகப் படிக்கலாம்.

அந்தச் சராசரி எடுக்கும் இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. சர்க்யூட் சரியாக ஓடுகிறது, ஸ்கோப்பில் திமில்கள் அழகாகத் தெரிகின்றன, ஆனால் மீட்டர் மட்டும் ஏகத்துக்கு அதிகமாகக் காட்டுகிறது என்று வந்து நிற்பார்கள். படிக்கும் இடத்தில் நேரடியாக 10 கிலோஓம் ரெசிஸ்டரும் ஒரு கெபாசிட்டரும் போட்டிருப்பார்கள். வேலை செய்யும் பாதியில் ஆப்-ஆம்ப் பலமாகத் தள்ளுவதால் கெபாசிட்டர் 10 கிலோஓம் வழியே நிரம்புகிறது. மறுபாதியில் முதல் டயோடு மூடிவிட்டதால், காலியாக வேண்டிய சார்ஜ் 10 கிலோஓமையும் 22 கிலோஓமையும் சேர்த்துக் கடந்துதான் போக வேண்டும். நிரம்ப ஒரு வழி, காலியாக மூன்று மடங்கு சிரமமான வழி. சராசரி எங்கே வரும்? இந்த மதிப்புகளுக்குக் கணக்குப் போட்டால், காட்ட வேண்டியதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேலே போய் நிற்கிறது.

சரிசெய்வது சுலபம். டிஎல்072 மாதிரி சிப்பில் இரண்டு ஆப்-ஆம்புகள் இருக்கின்றன. இரண்டாவதை வெறும் நகலெடுப்பானாக, பெருக்கம் ஒன்று இருக்கும்படி கட்டி, படிக்கும் இடத்துக்கும் கெபாசிட்டர் வடிகட்டிக்கும் நடுவே வைத்துவிட்டால் போதும். அது படிக்கும் இடத்திலிருந்து கரண்ட்டே எடுக்காது. கெபாசிட்டரை இரண்டு பாதியிலும் ஒரே பலத்தோடு நிரப்பும், காலியாக்கும். வடிகட்டிக்கு 10 கிலோஓமும் 10 மைக்ரோஃபேரடும் போதுமானவை. விசிறியைப் போட்ட அரை நொடிக்குள் மீட்டர் நிலைக்கு வந்துவிடும்.

இரண்டாவது டயோடைத் திறந்தபடி விட்டுவிட்டால், அதாவது அதன் கால் பிரெட்போர்டில் சரியாக உட்காரவில்லையென்றால், வரும் அடையாளம் வினோதமானது. பூஜ்யமாக இருக்க வேண்டிய பாதியில் சின்னத் திமில் ஒன்று முளைக்கும். ஆப்-ஆம்ப் அடிமட்டத்தில் போய் ஒட்டிக்கொள்ள, சிக்னல் இரண்டு ரெசிஸ்டர்கள் வழியே நேராகப் படிக்கும் இடத்துக்கு வந்துவிடுவதுதான் காரணம். பெரிய திமில், சின்னத் திமில், பெரிய திமில் என்று மாறி மாறி, இரண்டும் மேல்நோக்கியே இருக்கும். பெரியது சின்னதைப் போல 2.2 மடங்கு. இதைக் கண்டால் ஆப்-ஆம்பை மாற்ற வேண்டாம், டயோடின் காலை அழுத்தினால் போதும்.

டயோடு ஒழிந்த பிறகு மிஞ்சும் எதிரி ஆப்-ஆம்பின் சொந்தக் குறைதான். இரண்டு உள்ளீடுகளும் சமமாக இருக்கும்போது எந்த ஆப்-ஆம்பும் சரியாகப் பூஜ்யத்தைப் பார்ப்பதில்லை. சில மில்லிவோல்ட் தள்ளிப் பார்க்கும். ஆஃப்செட் என்று பெயர். எல்எம்358இல் 3 மில்லிவோல்ட் என்பது சாதாரணம். நம் சர்க்யூட்டில் அது 3.2 மடங்காகி, வெளியே 9.6 மில்லிவோல்ட்டாகத் தெரியும். ஆஃப்செட் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் விசிறியை நிறுத்திய பிறகும் மீட்டர் 0.1 ஆம்பியர் என்று காட்டிக்கொண்டிருக்கும். மறுபக்கம் சாய்ந்திருந்தால் 4 மில்லிவோல்ட்டுக்குக் கீழே உள்ள சிக்னலை விழுங்கிவிடும். டயோடு அரை வோல்ட்டை விழுங்குகிறது என்று ஆரம்பித்த கதை, ஆப்-ஆம்ப் 4 மில்லிவோல்ட்டை விழுங்குகிறது என்ற அளவுக்கு வந்திருக்கிறது. அதையும் குறைக்க வேண்டுமானால் ஓபி07 போன்ற துல்லியமான ஆப்-ஆம்பைப் போடலாம். அதன் ஆஃப்செட் மில்லிவோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். 741ஐவிட மெதுவானது என்றாலும் 50 ஹெர்ட்ஸுக்கு அது தாராளம். வேகமான ஆடியோ அலைக்கு டிஎல்072, மெதுவான சின்ன அலைக்கு ஓபி07 என்று எடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் ஒரே சிப் என்று தேடிப் போவதில் பயனில்லை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2.22 என்ற மடங்கு சைன் அலைக்கு மட்டும் பொருந்தும். பழைய விசிறி, இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் ஆகியவை ஏறக்குறைய அப்படித்தான் இழுக்கின்றன. எல்இடி பல்புகளும் செல்போன் சார்ஜர்களும் அலையின் உச்சியில் மட்டும் குறுகலாக, வெடுக்கென்று இழுப்பவை. அவற்றின் சராசரி சிறியது, உண்மையான ஏசி அளவு அதைவிடப் பெரியது. இந்தச் சர்க்யூட் அங்கே குறைத்துத்தான் காட்டும். அது டயோடின் குற்றமும் அல்ல, ஆப்-ஆம்பின் குற்றமும் அல்ல. சராசரியை வைத்து ஏசி அளவைச் சொல்லும் முறையின் எல்லை அது. அங்கே வடிகட்டிக்கு முன்னால் வரும் திமில்களை ஒரு மைக்ரோகன்ட்ரோலரின் ஏடிசியில் கொடுத்து, ஒவ்வொரு மதிப்பையும் வர்க்கப்படுத்திக் கூட்டிச் சராசரி எடுத்து, மேலும் கீழும் ஒரே மாதிரி இழுக்கும் சாதனம் என்றால் இரண்டால் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, கடைசியில் சர்க்யூட்டின் 2.2 மடங்கால் வகுத்துக்கொள்ள வேண்டும். அதற்கும் 47 மில்லிவோல்ட் திமில் முழுசாக ஏடிசி வரை வந்து சேர வேண்டும், அதைக் கொண்டுவந்து சேர்ப்பது இதே இரண்டு டயோடுகளும் ஆப்-ஆம்பும்தான்.